கொப்பியும் ஒப்பந்தமும்: கிணறுகளோடு முப்பது கிழமை

கடைசி வருட ஆய்வு எண்டால் கம்பஸில் பெரும்பாலும் ஒரு பழகிய வழி இருக்கும். மேற்பார்வையாளர் ஒரு தலைப்பைத் தருவார், அல்லது நாங்கள் கொண்டுபோகும் தலைப்பை வெட்டிக் கொத்தித் திருப்பித் தருவார். பிறகு எந்த மாதம் எந்த அத்தியாயம் எண்டு ஒரு அட்டவணை வரும். எங்கள் மூன்று பேருக்கும் வாய்த்த மேற்பார்வையாளர் அப்படிச் செய்யவில்லை. "என்ன படிக்கப் போறீங்கள், எப்பிடிப் படிக்கப் போறீங்கள், படிச்சு முடிச்சிட்டீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இந்த மூண்டையும் ஒரு தாளில எழுதிக்கொண்டு வாங்கோ. சரியா இருந்தால் கையெழுத்து வைக்கிறன்" என்றார் மிஸ். சந்திப்பு மாதம் ஒருமுறைதான். மிச்சம் எல்லாம் எங்கள் பாடு.

அந்தத் தாளுக்குப் பெயர் கற்றல் ஒப்பந்தம். அதோடு சேர்த்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சில கேள்விகளுக்குப் பதில் எழுத ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும் எண்டும் சொன்னார். இரண்டையும் வேறு வேறு வேலையாகத்தான் பலரும் செய்கிறார்கள். ஒப்பந்தம் முதல் மாதத்தோடு கோப்புக்குள் போய்விடும். கொப்பி, கடைசி மாதத்தில் ஒரே இருப்பில் எழுதி முடிக்கப்படும். முப்பது கிழமைக்குப் பிறகு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: கொப்பி ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், ஒப்பந்தம் கொப்பியிடம் கேள்வி கேட்க வேண்டும். ஒன்றையொன்று வாசிக்காவிட்டால் இரண்டுமே வெறும் கடதாசி. இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது எண்டதை ஒரு கிணற்றை வைத்துச் சொல்கிறோம்.

முதலில் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரில்தான் வீடும் தோட்டமும் நடக்கின்றன. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை எண்டு மாறி மாறிப் பயிர் போகும். யூரியாவும் எருவும் போட்டு, அடிக்கடி தண்ணி இறைப்பார்கள். பயிர் எடுக்காமல் மிஞ்சும் நைதரசன் நைத்திரேற்றாக மாறி, தண்ணியில் கரைந்து, மண்ணுக்குள்ளால் இறங்கி, கல் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்குப் போகிறது. மலசலகூடக் குழிகளில் இருந்தும் போகிறது. இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விடயம் அல்ல, பல ஆய்வுகள் காட்டிய ஒன்று. எங்கள் கேள்வி சின்னது: ஒரே ஊருக்குள் தோட்டக் கிணறுகளுக்கும் வளவுக் கிணறுகளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, மாரி மழைக்கு முன்னும் பின்னும் அது எப்படி மாறுகிறது?

நாலு நிரல்

கற்றல் ஒப்பந்தத்தைப் பரவலாக்கியவர் மல்கம் நோல்ஸ் எண்ட அமெரிக்கர். வளர்ந்தோர் கல்வி பற்றி எழுதியவர். சுயமாகக் கற்றல் குறித்து 1975இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கும் அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான இடங்களில் பாவிக்கிறார்கள். ஒரு தாளில் நாலு நிரல். என்ன கற்கப் போகிறோம்? எந்த வளத்தோடு, எந்த வழியில்? கற்றோம் எண்டதற்குச் சான்று என்ன? அந்தச் சான்றை யார், எந்த அளவுகோலால் மதிப்பிடுவார்? இவற்றோடு ஒரு திகதி.

முதல் இரண்டு நிரலையும் யாரும் நிரப்பலாம். சிக்கல் மூன்றாவதிலும் நாலாவதிலும்தான் வரும். எங்கள் முதல் வரைவில் ஒரு வரி இப்படி இருந்தது: "நிலத்தடி நீரில் நைத்திரேற்றின் அளவை விளங்கிக்கொள்ளல். சான்று: அறிக்கை." மிஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அறிக்கை எழுதினவர் விளங்காமலும் எழுதலாம்தானே?"

திருப்பி எழுதியபோது அந்த வரி இப்படி வந்தது. கற்க வேண்டியது: ஒரு கிணற்று நீரின் நைத்திரேற்றை, இன்னொருவர் திருப்பி அளந்தாலும் அதே எண் வரும்படி அளப்பது. வழி: ஆய்வுகூடத்து நிறமானி, ஆய்வுகூட உதவியாளரோடு இரண்டு பயிற்சி நாள். சான்று: ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியை இரண்டு போத்தலில் எடுத்து, வேறு வேறு ஆள் அளந்த பதிவு. கூடவே, காய்ச்சி வடித்த நீரையும் அளவு தெரிந்த ஒரு கரைசலையும் அளந்த பதிவு. அளவுகோல்: இரண்டு அளவீட்டுக்கும் இடையில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. திகதி: எட்டாம் கிழமை.

வித்தியாசம் எங்கே எண்டு பாருங்கள். முதல் வரியை எப்போதும் "முடிந்தது" எண்டு சொல்லிவிடலாம். இரண்டாவது வரி தோற்கக்கூடியது. ஒரு வரி நிறைவேறாமல் போனால் அது எப்படி இருக்கும் எண்டு சொல்லத் தெரியாவிட்டால், அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வரி இல்லை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எங்கள் வரைவில் இருந்த பதினொரு வரி ஐந்தாகக் குறைந்தது.

இன்னொன்று. ஒப்பந்தம் எண்டால் இரண்டு பக்கம் வேண்டும். தாளின் அடியில் மிஸ் தன்னுடைய பக்கத்தையும் எழுதினார்: எழுத்தில் கொடுத்தால் பத்து நாளுக்குள் பதில், மாதச் சந்திப்பு தவறினால் ஒரு கிழமைக்குள் வேறு நாள், திட்டத்தை மாற்ற வேண்டுமெண்டால் காரணத்தோடு வந்தால் கேட்பேன். கையெழுத்து, திகதி. இது சட்ட ஒப்பந்தம் இல்லைத்தான். ஆனால் மாணவர்கள் விரிவுரையாளரின் கதவைத் தட்டத் தயங்கும் இடத்தில், "மிஸ், நீங்கள் எழுதின மாதிரி" எண்டு தொடங்கக் கூடியதாக இருந்தது சின்ன விடயம் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கேள்விகள்

கொப்பிக்கு என்ன கேள்வி வைப்பது எண்டதில்தான் நிறைய நேரம் போனது. பிரதிபலிப்பு எழுத்துக்குப் பல மாதிரிகள் இருக்கின்றன. கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு கட்டச் சுற்று இலங்கையில் தாதியர் கல்வியிலும் ஆசிரியர் கல்வியிலும் இருப்பவர்களுக்குப் பழக்கமாக இருக்கும்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், ஏன், முடிவு, அடுத்த திட்டம். ஒரு பெரிய சம்பவத்தைத் திரும்பிப் பார்க்க அது நல்லது. ஒவ்வொரு கிழமையும் ஆறு கட்டம் எழுதினால் மூன்றாம் கிழமையே "இந்த வாரம் மகிழ்ச்சியாக உணர்ந்தோம்" எண்ட மாதிரி வரிகள் வரத் தொடங்கிவிடும். நாங்கள் நாலு கேள்வியோடு தொடங்கினோம்.

1. இந்தக் கிழமை உண்மையில் என்ன நடந்தது? எண், இடம், நேரம் மட்டும். அபிப்பிராயம் வேண்டாம்.

2. போன கிழமை எழுதிய திட்டத்துக்கும் நடந்ததுக்கும் இடையில் என்ன வித்தியாசம்? ஏன்?

3. என்ன முடிவெடுத்தோம்? எதைத் தெரிவுசெய்யாமல் விட்டோம்?

4. "தெரியும்" எண்டு நினைத்துக்கொண்டிருக்கும் விடயங்களில் எதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை?

எழுதும் முறையும் முக்கியம். ஒவ்வொருவரும் இருபது நிமிடம், தனித்தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் எழுதுவோம். பிறகு மாற்றி வாசிப்போம். கதைத்துவிட்டு எழுதினால் மூன்று கொப்பியிலும் ஒரே வசனம்தான் இருக்கும். எழுதிவிட்டுக் கதைத்தால், ஒருத்தர் "மாதிரி எடுப்பது நன்றாகப் போனது" எண்டும் இன்னொருத்தர் "இரண்டு போத்தலில் பெயர் அழிந்துபோனது" எண்டும் எழுதியிருப்பது வெளியில் வரும். கிணற்றுச் சொந்தக்காரரின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை. கி-1, கி-2 எண்டு இலக்கம் மட்டும். எந்த இலக்கம் எந்த வீடு எண்ட பட்டியல் ஒரே ஒரு இடத்தில், பூட்டிய லாச்சியில் இருந்தது.

மூன்று தரம் வந்த வரி

முதல் திட்டத்தில் இருபது கிணறு. வலிகாமத்தில் மூன்று ஊர்களில் பரந்து கிடந்தன. நைத்திரேற்று மாதிரி எடுத்தால் ஐஸில் வைத்து, ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில், 48 மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். வெளியில் கிடந்தால் தண்ணிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை மாற்றிவிடும். பிறகு வரும் எண் கிணற்றின் எண் இல்லை, போத்தலின் எண்.

ஐந்தாம் கிழமை, இரண்டாவது கேள்விக்குக் கீழே: "ஆறு மாதிரிதான் நேரத்துக்கு ஆய்வுகூடம் போனது. காரணம்: பஸ் பிந்தியது." ஆறாம் கிழமை: "எட்டு. காரணம்: ஆய்வுகூடம் இனிச் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும்தான் மாதிரி எடுக்கும் எண்டு அறிவித்தல்." ஏழாம் கிழமை: "ஏழு. காரணம்: ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கரைந்தது, நாலு மாதிரியை ஊற்ற வேண்டி வந்தது."

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் மூன்று சம்பவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கொப்பியில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வாசித்தபோது காரணம்தான் மாறுகிறது, விளைவு மாறவில்லை எண்டது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரே விளைவு மூன்று கிழமை தொடர்ந்து வந்தால், அதைக் கொப்பியில் விளக்கிக்கொண்டிருக்காமல் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைக்க வேண்டும்.

மேசையில் வைத்தபோது கேள்வி தெளிவாக வந்தது. இருபது கிணறு எண்டது எங்கள் ஆய்வுக் கேள்விக்கு வேண்டியதா, அல்லது பெரிய எண் எண்டதால் எழுதியதா? எங்கள் கேள்வி ஒரே ஊருக்குள் தோட்டத்தையும் வளவையும் ஒப்பிடுவது. அதற்கு ஒரே ஊரில் ஆறும் ஆறும் போதும், ஒவ்வொன்றையும் ஒழுங்காக இரண்டு பருவத்திலும் அளந்தால். திங்கள் பின்னேரம் ஒரு ஓட்டோ பிடித்து, பன்னிரண்டு கிணற்றையும் மூன்று மணித்தியாலத்தில் முடித்து, செவ்வாய் காலை ஆய்வுகூடத்தில் கொடுக்கலாம்.

எட்டாம் கிழமை மிஸ்ஸிடம் போனோம். பழைய வரியை அழிக்கவில்லை. அதற்கு மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, கீழே புதிய வரி, பக்கத்தில் காரணமாகக் கொப்பியின் மூன்று திகதி, இரண்டு பக்கக் கையெழுத்து. இப்படி மாற்றினால் என்ன இழக்கிறோம் எண்டதையும் எழுதச் சொன்னார்: "மற்ற இரண்டு ஊர் பற்றி இந்த ஆய்வால் எதுவும் சொல்ல முடியாது." அந்த வசனம் அப்படியே ஆய்வேட்டின் வரையறைகள் பகுதிக்குப் போனது. பிறகு வாய்மொழிப் பரீட்சையில் ஏன் பன்னிரண்டு எண்டு கேட்டபோது நாங்கள் காரணம் தேடவேண்டி வரவில்லை, பக்கத்தைத் திருப்பிக் காட்டினோம்.

கி-7

ஒன்பதாம் கிழமை முதல் முழுத் தொகுதி அளந்து முடிந்தது. பன்னிரண்டு எண்ணையும் அட்டவணையில் போட்டோம். கி-7 வளவுக் கிணறு, அதன் எண் 13. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். 13ஐ 50க்குப் பக்கத்தில் வைத்தால் பயமில்லாத கிணறு மாதிரித்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நாலாவது கேள்விக்கு எங்களில் ஒருத்தி ஒரே வரி எழுதியிருந்தாள்: "நிறமானியில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் `mg/L NO3-N` எண்டதில் அந்தக் கடைசி `N` என்ன?"

அதற்கு அர்த்தம் இருக்கிறது. நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதலாம். முழு நைத்திரேற்றையும் நிறுத்து எழுதலாம். அல்லது அதற்குள் இருக்கும் நைதரசனை மட்டும் நிறுத்து எழுதலாம். நைதரசனின் நிறை 14, மூன்று ஒட்சிசனோடு சேர்ந்த முழு நைத்திரேற்றின் நிறை 62. அதனால் நைதரசனாக வந்த எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் முழு நைத்திரேற்று வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 50 எண்டது முழு நைத்திரேற்று. எங்கள் கருவி காட்டியது நைதரசன். பெருக்கினால் 13 எண்டது ஏறத்தாழ 58. கிணறு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பழைய ஆய்வுகளை வாசிக்கும் ஆட்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சிலர் ஒரு முறையிலும் சிலர் மற்ற முறையிலும் எழுதுகிறார்கள். எல்லை 10 அல்லது 11 எண்டு சொல்லப்பட்டிருந்தால் அது நைதரசன் கணக்கு, 45 அல்லது 50 எண்டால் முழு நைத்திரேற்றுக் கணக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் எந்தக் கிணறும் நல்ல கிணறாகும், எந்தக் கிணறும் கெட்ட கிணறாகும்.

இது அலகுப் பிரச்சினையாக மட்டும் நின்றிருந்தால் ஒரு அடிக்குறிப்போடு முடிந்திருக்கும். ஆனால் கி-7 வீட்டில் நாலு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. முதலாவது கேள்விக்குக் கீழே, மாதிரி எடுத்த நாளின் விவரத்தில், எங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "வாளி எடுத்துத் தந்த அக்கா அடுப்பில் தண்ணி கொதிக்க வைத்திருந்தா. பிள்ளைக்குப் பால்மா கரைக்க."

அந்த 50 எண்ட எல்லையே இப்படியான குழந்தைகளை மனதில் வைத்துத்தான் வகுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த, போத்தல் பால் குடிக்கும் குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறனைக் குறைக்கலாம். கூடினால் உதடும் தோலும் நீலம் பாரிக்கும். வயிற்றுப்போக்கு போன்ற தொற்றும் சேர்ந்தால் ஆபத்து கூடும். 58 எண்டால் உடனே வருத்தம் வரும் எண்டு அர்த்தம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணியில் பால் கரைக்க வேண்டாம் எண்டதற்கு அது போதும். இன்னொன்று, கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாகப் போவதால் அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

ஒப்பந்தத்தைப் பார்த்தோம். அதில் வீட்டுக்காரர் எண்ட சொல்லே இல்லை. முடிவுகள் இருபத்தாறாம் கிழமை ஆய்வேட்டில் வரும், அதை வாசிப்பவர் பரீட்சகர். அவ்வளவுதான்.

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. "ஒரு மாதிரியை வைச்சுக்கொண்டு ஒரு தாயைப் பயப்படுத்தலாமோ? திருப்பி அளந்து உறுதிப்படுத்துவம்" எண்டு ஒரு பக்கம். "அதுக்கிடையில பிள்ளை குடிச்சுக்கொண்டுதானே இருக்கும்" எண்டு மறு பக்கம். இரண்டுமே நியாயம். மிஸ்ஸுக்கு அன்று பின்னேரமே கோல் எடுத்தோம். அவர் இரண்டையும் பிரித்துவிட்டார். எண்ணை உறுதிப்படுத்துவது ஆய்வு வேலை, அதற்கு நேரம் எடுக்கலாம். சந்தேகம் இருக்கிறது எண்டு சொல்வதற்கு உறுதி தேவையில்லை, அதைப் பொறுப்பான ஆள் மூலமாகச் சொன்னால் போதும். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அவரே தகவல் சொன்னார். அடுத்த நாள் காலை நாங்களும் அந்த உத்தியோகத்தரோடு போனோம்.

அக்கா முதலில் கேட்டது: "நாங்கள் எல்லாரும் சின்னனில இருந்து குடிக்கிற தண்ணிதானே பிள்ளையள்?" பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை உத்தியோகத்தர் விளக்கினார். தாய்ப்பாலைக் கூட்டுவது பற்றியும், பால்மா கொடுக்கிற நேரத்தில் எந்தத் தண்ணியை எடுப்பது எண்டதைப் பற்றியும் அவர்தான் கதைத்தார், அது எங்கள் வேலை இல்லை. நாங்கள் இரண்டு போத்தலில் மாதிரி எடுத்துக்கொண்டு வந்தோம். வேறு வேறு ஆள் அளந்ததில் 12.6, 13.2. பெருக்கினால் ஏறத்தாழ 56, 58. இடைவெளி 5 வீதத்துக்குள், ஒப்பந்தத்தின் முதல் வரி கேட்ட 10 வீதத்துக்குள் நன்றாக அடங்கியது. அந்த வரி ஏன் தேவைப்பட்டது எண்டு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பி ஒரு வீட்டு வாசலில் நிற்க முடியாது.

ஆறாவது வரியும் ஐந்தாவது கேள்வியும்

பத்தாம் கிழமை ஒப்பந்தத்தில் ஒரு புதிய வரி சேர்ந்தது. கற்க வேண்டியது: ஒரு முடிவை, அந்தக் கிணற்றில் குடிக்கும் ஆளுக்கு விளங்கும்படி சொல்வது. வழி: வீட்டுக்கொரு தமிழ்த் துண்டு, நேரில் போய்க் கொடுப்பது, எல்லை தாண்டினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ முதலில் தகவல். சான்று: நாங்கள் சொன்னதை வீட்டுக்காரர் தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. அளவுகோல்: எண் என்ன, அது யாருக்குப் பிரச்சினை, இப்ப என்ன செய்யலாம் எண்ட மூன்றும் அதில் வரவேண்டும். திகதி: உறுதியான நாளில் இருந்து ஏழு நாள்.

திருப்பிச் சொல்லக் கேட்பது சும்மா மரியாதைக்கு இல்லை. முதல் இரண்டு வீட்டில் துண்டைக் கொடுத்தபோது "விளங்குது, விளங்குது" எண்டார்கள். திருப்பிச் சொல்லக் கேட்டபோது ஒரு அம்மம்மா சொன்னா: "அப்ப நல்லாக் கொதிக்க வைச்சுக் குடிக்கோணும்." துண்டில் கொதிக்க வைப்பது பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. தண்ணி பிழை எண்டு யார் சொன்னாலும் கொதிக்க வைப்பதுதான் ஊரில் பதில் எண்டு அங்கேதான் தெரிந்தது. மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது துண்டின் முதல் வரியே "கொதிக்க வைத்தாலும் இது போகாது" எண்டு மாறியிருந்தது.

கொப்பியிலும் ஒரு கேள்வி கூடியது. 5. இந்தக் கிழமை யாருக்கு என்ன கடன் இருக்கிறது? மாதிரி தந்த வீடு, ஐஸ் தந்த கடை, பின்னேரம் நின்று வேலை செய்த ஆய்வுகூட உதவியாளர், பதில் எழுதவேண்டிய மிஸ். பல கிழமை இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். ஆனால் முப்பது கிழமையில் எந்த வீடும் எங்களிடம் "என்ன நடந்தது எங்கட தண்ணிக்கு?" எண்டு கேட்க வேண்டி வரவில்லை.

எங்கே இது வேலை செய்யாது

கொப்பிக்குப் புள்ளி போட்டால் அது கெட்டுவிடும். திருத்துபவருக்குப் பிடித்த மாதிரிக் கஷ்டப்பட்டு, பிடித்த மாதிரி முன்னேறுவார்கள். எங்கள் ஏற்பாட்டில் கொப்பிக்குப் புள்ளி இல்லை. மாத முடிவில் அதில் இருந்து ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் கொடுப்போம், ஒப்பந்தத்தில் மாற வேண்டியது என்ன எண்டு. புள்ளி அந்த மாற்றத்துக்கும் அதன் காரணத்துக்கும்தான்.

ஒரே இருப்பில் எழுதிய கொப்பியைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம் இல்லை. எல்லாப் பதிவும் ஒரே நீளமாக இருக்கும். முதலாவது கேள்வியில் எண் இருக்காது. முக்கியமாக, நாலாவது கேள்விக்கு எழுதிய சந்தேகம் எல்லாம் அடுத்த கிழமையே தீர்ந்திருக்கும். உண்மையான கொப்பியில் சில சந்தேகம் ஆறு கிழமை அப்படியே கிடக்கும். எங்களுடையதில் ஒன்று இன்னும் கிடக்கிறது: கி-7இன் நைத்திரேற்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வருகிறதா, மலசலகூடக் குழியில் இருந்தா? எங்கள் அளவீட்டால் அதைப் பிரிக்க முடியாது. நைதரசன் சமதானிகளை அளக்கும் கருவி வேண்டும், அது எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை. ஆய்வேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

இப்ப ஜூனியர் பிள்ளையள் ஒப்பந்தப் படிவத்தைக் கேட்டு வருகினம். கொடுக்கிறோம், ஒரு பக்கம்தானே. நாலு நிரலும் வெறுமையாக இருக்கும் படிவம். ஆனால் கோடு இழுத்து மாற்றின எங்கள் பழைய தாளையும் சேர்த்தே காட்டுகிறோம், ஆறு வரியில் மூன்றின் மேல் கோடு இருக்கிறது. போன கிழமை வந்த இரண்டு பேர் மலையகத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளையள் இடைவிலகுவது பற்றிச் செய்யப் போகினம். மூன்றாவது நிரலில் என்ன எழுதலாம் எண்டு கேட்டிச்சினம். "நீங்கள் கண்டுபிடிக்கிறதை அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு எப்பிடிச் சொல்லப் போறீங்கள் எண்டதில இருந்து தொடங்குங்கோ" எண்டு சொன்னோம். அதை எழுத அவர்களுக்கு இரண்டு கிழமை எடுக்கும். எடுக்கட்டும்.